கொலு வைக்கும் வீட்டில் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஐந்து படி கொலு. நவராத்திரிக்குத் தங்கை வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். மூன்று வயதில் ஒருவன், ஆறு வயதில் ஒருத்தி, பத்து வயதில் ஒருத்தி. கொலு பார்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், நான் செய்து பார்த்து அறிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டால் வேலை இரண்டு மடங்கு ஆகிறதே. அவர்களை எங்கே விடுவது?

கீழ்ப்படியையும் அதற்கு முன்னால் தரையில் வைக்கும் பூங்காவையும் முழுவதுமாக அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். மேல் நான்கு படிகள் உங்களுடையவை.

கொலுவின் அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. மேலே கலசமும் தெய்வங்களும், நடுவில் மகான்கள், கீழே வரவர மனிதர்கள், கடை, கல்யாண செட், அப்புறம் ஊரும் தோட்டமும். மேலே இருப்பவை பெரியவை, கனமானவை, பாட்டி காலத்து மண் பொம்மைகள். கீழே இருப்பவை சின்னவை, இடம் மாற்றினாலும் குறையில்லாதவை. பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் எட்டுகிற உயரமும் அதுதான்.

நாம் பக்கத்தில் நிற்காமலே நடக்க வேண்டிய வேலை என்றால் மூன்று விஷயங்களைப் பார்த்துத்தான் கொடுப்பேன். தப்பாகச் செய்தாலும் எதுவும் கெடக் கூடாது. முடிந்ததா இல்லையா என்று பிள்ளைக்கே பார்த்ததும் தெரிய வேண்டும். நடுவில் கத்தரிக்கோலோ பசையோ கேட்டு நம்மிடம் ஓடி வரும்படி இருக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்குள் மூன்று தடவை "அம்மா" என்று கூப்பிட்டால், பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று நான் நினைப்பதில்லை. வேலையை நான் சரியாகத் தயார் செய்து கொடுக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று வயசுப் பையன். எதை வைத்தாலும் இழுக்கிறான். அவனுக்கும் வேலை உண்டா?

உண்டு. அவனுக்கு இழுக்கவும் கசக்கவும்தான் பிடிக்கிறது, அதையே வேலையாகக் கொடுங்கள்.

பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் பொம்மைகளைச் சுற்றி வைத்த பழைய செய்தித்தாள் ஏராளமாக இருக்கும். நீங்கள் பொம்மையைப் பிரித்து எடுத்துக்கொண்டு தாளை அவனிடம் கொடுங்கள். ஒவ்வொரு தாளையும் பந்தாகக் கசக்கி ஒரு பழைய தலையணை உறைக்குள் போட வேண்டும். உறை நிரம்பியதும் வாயைக் கட்டிக் கவிழ்த்து, மேலே பழுப்பு நிறத் துணியைப் போர்த்தினால் மலை ரெடி. உச்சியைக் கையால் அமுக்கித் தட்டையாக்கி ஒரு அட்டைத் துண்டை வைத்து, அதன்மேல் லேசான பிளாஸ்டிக் முருகனை நிறுத்தினால் பழனி. எங்கள் சின்னவன் அந்த ஒன்பது நாளும் வந்தவர்களிடம் எல்லாம் "என் மலை" என்று காட்டிக்கொண்டிருந்தான்.

கழுவும் வேலையும் இந்த வயதுக்கு நன்றாகப் பொருந்தும். அகலமான பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ், பிளாஸ்டிக் மாடு, யானை, வாத்து. காய்ந்த துண்டில் வரிசையாக நிறுத்தி உலர வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் இருக்கிற வேலை என்பதால் நீங்கள் அதே அறையிலேயே பொம்மை பிரித்துக்கொண்டிருங்கள். முடிந்ததும் உடனே தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மண் பொம்மையும் காகிதக் கூழ் பொம்மையும் மறந்துகூட அந்தப் பாத்திரத்துக்குள் போகக் கூடாது. காகிதக் கூழ் ஊறிவிடும், மண் பொம்மையின் வண்ணம் கரைந்து வந்துவிடும்.

மணி, கடுகு, சின்னச் சொப்பு எதையும் இவனிடம் கொடுக்காதீர்கள். பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 2.7 செ.மீ. அந்த அளவிலும் அதைவிடச் சற்றுப் பெரிதாகவும் இருக்கிற பொருள்கூட மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைத்துவிடும். வண்ணம் உதிர்கிற பழைய பொம்மைகளும் வேண்டாம். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கலாம், இந்த வயதில் கை உடனே வாய்க்குப் போகும்.

பூங்காவுக்குப் போன வருஷம் கேழ்வரகு போட்டோம். முளைக்கவே இல்லை. பிள்ளைகள் ஏமாந்துபோனார்கள். என்ன தப்பு?

பெரும்பாலும் விதைமேல் மண் அதிகமாக மூடியிருக்கும். இல்லாவிட்டால் கேழ்வரகு பழசாக இருந்திருக்கும். கேழ்வரகு மிகச் சின்ன விதை, அதன்மேல் ஒரு விரல் தடிமனுக்கு மண்ணைப் போட்டால் வெளியே வரத் தெம்பு இருக்காது. பிள்ளைகள் "விதைப்பது" என்றாலே புதைப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது.

விதைக்கும் முன்னால் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளுக்கு முன்பே இருபது விதையை எண்ணி ஈரத் துணியில் மடித்து, ஒரு கிண்ணத்தில் வைத்து மூடுங்கள். மூன்று நாள் கழித்துப் பிரித்து எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ண வேண்டும். பதினைந்துக்கு மேல் இருந்தால் அந்த விதை போதும். பத்துக்குக் கீழே என்றால் வேறு கடையில் வாங்குங்கள். எண்ணத் தெரிந்த ஆறு வயதுப் பிள்ளை இதைத் தனியாகவே செய்யும்.

முதல் தடவை என்றால் கேழ்வரகைவிடக் கடுகையே சொல்வேன். சமையலறைக் கடுகே முளைக்கும், இரண்டாம் நாளே வெள்ளை வேர் தெரிந்துவிடும், நாலாம் நாள் இரண்டு இலை விரியும். காத்திருக்கத் தெரியாத வயதுக்கு அது பெரிய உதவி. வெந்தயமும் நன்றாக வரும், ஆனால் ஒரு ராத்திரி ஊற வைக்க வேண்டும். கேழ்வரகும் கம்பும் புல் மாதிரி மெல்லிய நீளமான இலை விடும், கடுகும் வெந்தயமும் செடி மாதிரித் தெரியும். வயலுக்குக் கேழ்வரகு, தோட்டத்துக்குக் கடுகு என்று இரண்டு தட்டு வைத்தால் பூங்காவே ஊராகிவிடும்.

இனி செய்முறை. சுமார் 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள விளிம்பு வைத்த தட்டு ஒன்று. அதில் தென்னை நார்த்தூளோ கழுவிய மணலோ இரண்டு செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். உரம் வேண்டாம், முதல் பத்து நாளுக்கு விதைக்குள் இருக்கும் சத்தே போதும். முதலில் தண்ணீர் தெளித்து முழுவதும் ஈரமாக்குங்கள், அப்புறம்தான் விதை. இந்தத் தட்டுக்கு இரண்டு தேக்கரண்டிக் கடுகு சரியாக இருக்கும். அதை மிளகுத்தூள் குப்பியில் போட்டுக் கொடுத்தால் பிள்ளை சமமாகத் தூவும். கையால் எடுத்தால் ஒரே மூலையில் குவிந்துவிடும். மேலே மண் போடாமல் ஒரு ஈரச் செய்தித்தாளை மட்டும் மூடுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளை எடுத்துவிட்டு, தட்டை ஜன்னல் பக்கம் வையுங்கள்.

அதற்குப் பிறகு பிள்ளைக்குத் தினமும் இரண்டே வேலை. காலையும் மாலையும் தெளிப்பானால் பத்துத் தடவை தண்ணீர் அடிப்பது, காலையில் தட்டை அரை வட்டம் திருப்பி வைப்பது. திருப்பாவிட்டால் முளை முழுவதும் வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்துவிடும். ஒரு நாள் திருப்பாமல் விட்டுப் பார்த்தால் பிள்ளைக்கே காரணம் புரியும். சொம்பால் ஊற்ற விடாதீர்கள், விதை ஒரு பக்கமாக ஓடிப்போகும்.

மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது வேர்த்தூவியாக இருக்கலாம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள், உடனே படிந்து மறைந்தால் வேர்த்தூவி. தெளித்த பிறகும் சிலந்திவலை மாதிரி மண்மேல் படர்ந்து நின்று, முடை நாற்றமும் வந்தால் பூஞ்சணம். அந்தப் பகுதியைக் கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் மணலைப் போட்டு ஒரு கிணறு வைத்துவிடலாம். தண்ணீர் அதிகமாகி, காற்றோட்டமும் இல்லாவிட்டால்தான் பூஞ்சணம் பிடிக்கிறது.

அப்படியென்றால் எந்த நாளில் விதைப்பது, எப்போது மற்ற வேலைகளை ஆரம்பிப்பது?

மகாளய அமாவாசைக்கு ஐந்து நாள் முன்னால் கடுகு, ஏழு நாள் முன்னால் கேழ்வரகு. கொலு தொடங்கும்போது கடுகு பச்சையாக நிற்கும். பத்து, பன்னிரண்டு நாளில் தண்டு நீண்டு சாயத் தொடங்கும், அதனால் முன்கூட்டியே போட்டால் சரஸ்வதி பூஜைக்குள் படுத்துவிடும். பயமாக இருந்தால் முதல் நாளன்று இன்னொரு சின்னத் தட்டில் விதைத்து வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் மாற்றிவிடலாம்.

காகித வேலைகளை முந்தைய வார விடுமுறை நாள்களில் முடித்துவிடுங்கள். படி கட்டும் அன்று எதையும் புதிதாகச் செய்யச் சொல்ல வேண்டாம். அன்று நமக்கே பொறுமை இருக்காது.

காகிதச் சங்கிலித் தோரணம் செய்யச் சொன்னேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்னைக் கூப்பிடுகிறாள். எப்படிக் கொடுத்தால் தானே செய்வாள்?

பசைதான் காரணமாக இருக்கும். பசை காய்கிறவரை ஒவ்வொரு வளையத்தையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், ஐந்து ஆறு வயதுக் கைக்கு அது முடியாது. விட்டதும் பிரிந்துவிடும், உடனே கூப்பிடுவாள்.

பசைக்குப் பதில் டேப் கொடுங்கள், ஆனால் டேப் உருளையைக் கொடுக்காதீர்கள். முந்தைய ராத்திரியே மூன்று செ.மீ. துண்டுகளாக வெட்டி ஒரு எவர்சில்வர் தட்டின் விளிம்பில் வரிசையாக ஒட்டி வைத்துவிடுங்கள். அவள் ஒவ்வொன்றாக உரித்து எடுத்துக்கொள்வாள். தட்டு காலியானால் வேலை முடிந்தது, இதையும் அவளே பார்த்துக்கொள்வாள்.

காகிதக் கணக்கு இது. ஏ4 வண்ணத் தாளைக் குறுக்காக மூன்று செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டினால் ஒரு தாளில் ஒன்பது பட்டை வரும், ஒவ்வொன்றும் 21 செ.மீ. நீளம். வளையமாக்கிக் கோத்தால் ஒரு வளையம் சங்கிலியில் சுமார் ஆறு செ.மீ. இடம் பிடிக்கும். ஒன்றரை மீட்டர் அகலப் படிக்கு 25 வளையம், அதாவது மூன்று தாள். லேசாகத் தொங்க வேண்டுமென்றால் 30 வளையம் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நிறத்தில் பட்டைகளை அடுக்கி, மாதிரிக்கு முதல் நான்கு வளையத்தை நீங்கள் கோத்துக் கொடுத்தால் வரிசை அவளுக்குப் பிடிபட்டுவிடும். நடுவில் நிறம் மாறினால் விட்டுவிடுங்கள், கொலுவுக்கு ஒன்றும் ஆகாது.

கிரேப் காகிதம் பார்க்க அழகுதான். ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். முளைத்தட்டுக்குப் பக்கத்திலோ படியில் விரித்த வெள்ளை வேட்டியின் மேலோ வேண்டாம். ஜிகினாத் தூளையும் கொடுக்க மாட்டேன், பொங்கல் வரைக்கும் வீட்டில் கிடக்கும், கண்ணில் பட்டால் உறுத்தும்.

ஆறேழு வயசுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் நிற்கிற மாதிரி ஏதாவது உண்டா?

செட்டியார் கடை. இந்த வயதுக்கு இதைவிட நல்ல வேலை கொலுவில் இல்லை என்று நான் நம்புகிறேன்.

செட்டியார் செட்டிச்சி பொம்மைக்கு முன்னால் பலசரக்கு பரப்பி வைப்பது பழைய வழக்கம். அதை முழுவதுமாகப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். ஒரு தாம்பாளத்தில் பத்துப் பன்னிரண்டு சொப்பு அல்லது பாட்டில் மூடி, ஒரு தேக்கரண்டி, டப்பாக்களில் துவரம்பருப்பு, பச்சைப்பயறு, உளுந்து, அரிசி, மிளகு, கொண்டைக்கடலை. ஒவ்வொரு சொப்பிலும் ஒரு தேக்கரண்டி. சிந்தினால் தாம்பாளத்துக்குள்ளேயே கிடக்கும். சிந்திக் கலந்ததைப் பிரித்தெடுப்பதே இன்னொரு கால் மணி நேர வேலையாகிவிடும், எங்கள் ஆறு வயதுக்காரிக்கு அதுதான் மிகவும் பிடித்தது. வெல்லமும் சர்க்கரையும் வேண்டாம், எறும்பு வரிசை கட்டிவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை தானியத்தை மாற்றுவதும் கடைக்காரரின் பொறுப்பு.

அடுத்தது தராசு. இதில் ஊசி வேலையை நீங்கள் முந்தைய நாளே முடித்து வையுங்கள். இரண்டு சின்னக் காகிதக் கிண்ணத்தின் விளிம்பில் மூன்று மூன்று துளை போட்டு, ஒரே நீளமுள்ள நூல்களைக் கட்டி முடிச்சிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு சாண் நீளமுள்ள உறுதியான குச்சியும் நடுவில் மாட்ட ஒரு நூல் வளையமும் பிள்ளையிடம் கொடுங்கள். கிண்ணங்களை இரண்டு ஓரத்திலும் மாட்டித் தூக்கினால் முதலில் ஒரு பக்கம் சாயும். ஒன்றும் சொல்லாதீர்கள். நடு வளையத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் நேராகிவிடும் என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். எங்கள் வீட்டில் அதற்கு ஏழெட்டு நிமிடம் ஆனது. பிறகு எத்தனை கொண்டைக்கடலைக்கு எத்தனை பச்சைப்பயறு சமம் என்று எண்ண ஆரம்பித்தாள், நான் சுண்டலுக்குத் தாளித்துவிட்டு வந்தும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

விலைப்பலகை எழுதுவது கடைசி. எழுத்துப்பிழை இருந்தால் அப்படியே வையுங்கள்.

வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே தம்பியோ தங்கையோ இருந்தால் கடையை மட்டும் கீழ்ப்படியில் வைக்காமல் மூன்றாம் படிக்கு ஏற்றிவிடுங்கள். மிளகும் கடலையும் மூக்குக்குள் போன கதை இல்லாத வீடு குறைவு.

பத்து வயசுப் பெண் "இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க வேலை" என்கிறாள். அவளுக்கு என்ன?

அவள் சொல்வது சரி. அவளுக்கு அலங்காரத்தில் ஒரு சின்னப் பங்கு போதாது. பொறுப்பு கொடுங்கள்.

எங்கள் வீட்டில் பெரியவளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, பொம்மைக் கணக்கு எழுதச் சொன்னேன். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு எண், சின்ன ஸ்டிக்கரில் எழுதி அடிப்பக்கம் ஒட்டுவாள். நோட்டில் எண், பெயர், எந்த ஊரில் வாங்கியது, யார் கொடுத்தது, எந்தப் படி, எங்கே விரிசல் என்று பதிவு. பாதிக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. என் மாமியாரிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதினாள். கறுத்துப்போன மரப்பாச்சி ஜோடி ஒன்று மாமியாருக்கே கல்யாணச் சீராக வந்தது என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

மரப்பாச்சிக்கு உடை உடுத்துவதும் இந்த வயதுக்கு ஏற்ற வேலை. செம்மரப் பொம்மை, உடையாது. பிளவுஸ் பிட் துண்டு, ஜரிகை, நூல் கொடுத்தால் தையலே இல்லாமல் சுற்றிக் கட்டலாம். புடவைக்கு எட்டு செ.மீ. அகலத் துண்டு என்றால் ஒரு சாண் பொம்மைக்கு முழங்கால் வரைதான் வரும் என்பதை முதல் துண்டிலேயே கண்டுகொண்டு, அடுத்ததை அகலமாக வெட்டினாள்.

இன்னொன்று, பூங்காவின் வரைபடம். தரையில் இருக்கும் இடத்தை அளந்து, கட்டம் போட்ட தாளில் மலை எங்கே, குளம் எங்கே, கடைவீதி எங்கே என்று அவள் வரையட்டும். சின்னவர்களுக்கு அவளே மேஸ்திரி.

அந்த மூவரையும் ஒரே நேரத்தில் எப்படி வேலை வாங்கினீர்கள்? ஒரு நாளைச் சொல்லுங்களேன்.

போன வருடம் படி கட்டிய மதியத்தைச் சொல்கிறேன். இரண்டரை மணிக்கு நானும் என் கணவரும் படியை நிறுத்தி வேட்டி விரித்தோம். அந்த நேரம் பிள்ளைகள் மூவரும் வேறு அறையில், படி கட்டும்போது பக்கத்தில் யாரும் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு. மூன்று மணிக்குப் பெட்டிகளைத் திறந்தேன். சின்னவன் தலையணை உறையோடு என் காலடியில் உட்கார்ந்து தாள் கசக்கினான். பெரியவள் நான் பிரித்த பொம்மையை வாங்கி, எண் பார்த்து நோட்டில் குறி போட்டுப் பாயில் படி வாரியாக நிறுத்தினாள். நடுவள் சமையலறை மேசையில் கடை போட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்கு நான் தேவைப்படவே இல்லை.

நாலு மணிக்குச் சின்னவன் சலித்துப்போனான். ஒரு மணி நேரம் இருந்ததே அதிகம். பால் கொடுத்துத் தூங்க வைத்தேன், மிச்சத் தாளை அவன் விழித்த பிறகு கசக்கட்டும் என்று அப்படியே வைத்துவிட்டேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் மேல்படிகளை அடுக்கி முடித்தேன். ஆறு மணிக்கு மூவரும் சேர்ந்து பூங்கா. முளைத்தட்டு இரண்டையும் நான் தூக்கி வைத்தேன், தண்ணீரோடு கனம் அதிகம். குளத்துக்கு நீலக் காகிதத்தின் மேல் கண்ணாடித் தாள், ஓரத்தில் கூழாங்கல், கழுவிய வாத்துகள். உண்மையான முகம் பார்க்கும் கண்ணாடி வைக்க வேண்டாம், ஓரம் கையைக் கிழிக்கும்.

ஒரு இடத்தில் தவறினேன். தோரணத்தை மேல்படி ஓரத்தில் கட்டத் தானே ஏறுகிறேன் என்று பெரியவள் சொன்னாள், சரி என்றுவிட்டேன். படி லேசாக ஆடியது. நல்லவேளை, எதுவும் விழவில்லை. பத்து வயதானாலும் படிமேல் ஏற விடக் கூடாது.

கோணல் மாணலாக வைக்கிறார்கள். ராத்திரி அவர்கள் தூங்கியதும் சரிசெய்யலாமா?

வேண்டாம். காலையில் எழுந்ததும் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். என் வீட்டில் ஒருமுறை கிரிக்கெட் செட்டைத் திருப்பி வைத்தேன், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வராமல் இரண்டு நாள் ஒதுங்கி இருந்தாள் பெரியவள். விழுந்துவிடும் நிலையில் ஏதாவது இருந்தால் மட்டும், அவர்கள் விழித்திருக்கும்போது சொல்லி, அவர்கள் கையாலேயே நகர்த்தச் சொல்லுங்கள்.

அண்ணனும் தங்கையும் ஒரே பொம்மைக்குச் சண்டை போடுகிறார்கள்.

பூங்காவின் நடுவே மணலில் ஒரு சாலை போடுங்கள். சாலைக்கு இந்தப் பக்கம் அவன் ஊர், அந்தப் பக்கம் அவள் ஊர். பொம்மைகளைச் சீட்டுப் போட்டுப் பிரியுங்கள், மூன்றாம் நாள் சந்தை வைத்து மாற்றிக்கொள்ளலாம். பத்தில் எட்டுத் தடவை இது போதும்.

எந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது?

படி கட்டுவது, கலசம் வைப்பது, சீரியல் விளக்கு மாட்டுவது, அகல் ஏற்றுவது, தெர்மகோல் வெட்டுவது, சூடான பசைத் துப்பாக்கி. இவற்றுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. அகல் மாதிரி மின்னும் பேட்டரி விளக்குகளைப் பாதுகாப்பானவை என்று பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். அவற்றில் பலவற்றுக்குள் நாணயம் போன்ற பட்டன் பேட்டரி இருக்கிறது. குழந்தை அதை விழுங்கி, தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். அடிமூடி திருகாணி போட்டு மூடியதா என்று பாருங்கள். நகத்தால் திறக்க முடிகிற மூடி என்றால் அந்த விளக்கை மேல்படிக்குத்தான் வைக்க வேண்டும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள், எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

பொம்மையை உடைத்துவிட்டால்?

முதலில் சில்லுகளை நீங்கள் பொறுக்குங்கள், சுட்ட மண்ணின் ஓரம் கூர்மை. பெரிய துண்டு இரண்டு மூன்றாக உடைந்திருந்தால் ஒட்டிவிடலாம். உடைந்த பொம்மையைக் கொலுவில் வைப்பதில்லை என்பது பல வீட்டு வழக்கம். அப்படியானால் பூங்காவுக்குப் பின்னால் மலையடிவாரத்தில் வைக்கலாமா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். திட்டாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். உடைத்தவள் ஏற்கெனவே அழுதுகொண்டுதான் இருப்பாள்.

ஃபிளாட்டில் இடமே இல்லை. மூன்று படிதான். இதெல்லாம் எங்கே வைப்பது?

பூங்காவை ஒரு பெரிய தாம்பாளத்தில் வையுங்கள். ஒரு முளைத்தட்டு, கைக்குட்டை அளவுக்கு ஒரு மலை, நாலு வீடு. பிள்ளை தூங்கும்போது அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். கடை வேண்டுமானால் தீப்பெட்டியின் உள்பெட்டிகளைச் சொப்பாக்கி ஒரு காலணி அட்டைப்பெட்டிக்குள் போடலாம்.

முடிந்த பிறகு எடுத்து வைப்பதிலும் அவர்களைச் சேர்க்கலாமா?

சேர்த்தே ஆக வேண்டும், அடுத்த வருடத்தின் வேலை பாதியாகிவிடும். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைச் சம்பிரதாயமாகப் படுக்க வைப்பதைச் சின்னவன் கையால் செய்ய வையுங்கள். மறுநாள் பெரியவள் நோட்டைப் பார்த்து எண் சொல்ல, நீங்கள் பொம்மையைச் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டே வரலாம். எந்தப் பெட்டியில் எந்த எண்கள் என்று அவள் மூடியின் மேல் எழுதட்டும். நடுவள் கடைத் தானியங்களைப் பிரித்துக் குருவிக்குப் போடட்டும். காகிதச் சங்கிலியை மடித்து வைக்கத் தேவையில்லை, அடுத்த வருடம் புதிதாகச் செய்வார்கள்.

மலையைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். தலையணை உறையை வாய் அவிழ்க்காமல் அப்படியே பரணில் ஏற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அது இருக்கிறது, மேலே ஸ்கெட்ச் பேனாவில் பெரியவள் எழுதியது: "எண் 87. பழனி. கசக்கியது தம்பி. கீழ்ப்படிக்கு முன்னால், இடது பக்கம்."